கண்டெடுத்த சங்கிலி: திருட்டா, கையாடலா? குற்றவியல் பயிற்சி வினாக்கள்

பாரதிய நியாய சன்ஹிதா, 2023-இன் 303, 314 ஆகிய பிரிவுகளின்படி விடையளிக்கவும்.

வினா 1. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ரத வீதி ஓரத்தில் ஒரு தங்கச் சங்கிலி கிடப்பதை இசக்கி பார்க்கிறார். அருகில் யாரும் இல்லை. விடிந்ததும் காவல் நிலையத்தில் கொடுத்துவிடலாம் என்று எடுத்துச் செல்கிறார். மறுநாள் வேலை, அப்புறம் மறதி. நான்காம் நாள் டீக்கடைச் சுவரில் ஒரு அறிவிப்பு: சங்கிலியின் அடையாளமும், தொலைத்த மாடத்தியின் கைபேசி எண்ணும். படித்துவிட்டு அன்று மாலையே அடகு வைக்கிறார். இசக்கி செய்தது:

(அ) எடுத்தபோதே திருட்டு
(ஆ) அடகு வைத்தபோது திருட்டு
(இ) நேர்மையற்ற கையாடல்
(ஈ) குற்றமில்லை, எடுத்தபோது எண்ணம் நல்லது

வினா 2. பார்த்த கணமே 'இது நமக்கு' என்று இசக்கி முடிவு செய்திருந்தால் விடை மாறுமா?

வினா 3. மாடத்தி குறுக்குத்துறை படித்துறையில் சங்கிலியைக் கழற்றித் துணிமேல் வைத்துவிட்டு ஆற்றில் முங்குகிறார். இசக்கி அதை எடுத்துக்கொண்டு நழுவுகிறார். என்ன குற்றம்?

வினா 4. சங்கிலியை அல்வா கடைக்காரர் கண்டெடுத்து, கேட்டு வருபவருக்குக் கொடுக்கக் கல்லாப்பெட்டியில் பூட்டி வைக்கிறார். கடைப் பையன் பெட்டியைத் திறந்து எடுத்து விற்கிறான். அவன் குற்றம் எது?

விடைக் குறிப்பு

1: (இ). திருட்டுக்குப் பொருள் யாராவது ஒருவரின் கைவசத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும். தெருவில் கிடந்த சங்கிலி யார் கைவசத்திலும் இல்லை. (ஈ)-யில்தான் பலர் விழுகிறார்கள். கண்டெடுத்தவர் உரியவருக்காகப் பாதுகாக்க எடுத்தால் அது குற்றமில்லை என்பது சரி. ஆனால் கையாடலில் கெட்ட எண்ணம் பின்னால் வந்தாலும் போதும். உரியவர் யாரென்று தெரிந்த பிறகு அடகு வைத்தது அந்த எண்ணத்தைக் காட்டிவிட்டது. அறிவிப்பைப் பார்க்காமலே, தேடவும் முயலாமல், எடுத்த கையோடு விற்றிருந்தாலும் இதே குற்றம்தான்; நியாயமான வழிகளில் விசாரித்து, நியாயமான காலம் காத்திருக்க வேண்டும் என்கிறது 314-இன் விளக்கம். தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பழைய சட்டத்தின் 403-இல் இந்தக் குறைந்தபட்சம் கிடையாது. பழைய குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

2: மாறாது. எண்ணம் எவ்வளவு கெட்டதானாலும் கைவசம் இல்லாத இடத்தில் திருட்டு இல்லை. எண்ணத்தை மட்டும் பார்த்து 303 எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

3: திருட்டு. ஆற்றுக்குள் இருந்தாலும் சங்கிலி மாடத்தியின் கைவசத்தில்தான் இருக்கிறது. அது தொலைந்த பொருளே அல்ல.

4: திருட்டு. கடைக்காரர் உரிமையாளர் இல்லையே என்று தயங்க வேண்டாம். 303 கேட்பது கைவசத்தை. அது கல்லாப்பெட்டியைப் பூட்டியவரிடம் இருந்தது.