கேட் எதிரே இருக்கிற டீக்கடையும் என்.பி.வி.யும்

எல்லாருக்கும் வணக்கம். ஃபைனான்ஸ் கிளப்பில் இந்த வாரம் பேசும் முறை எனக்கு. போன செமஸ்டரில் என்.பி.வி., அதாவது நிகர இன்றைய மதிப்புக் கணக்கு பரீட்சையில் வந்தது, நம்மில் பாதிப் பேர் சரியாகவும் போட்டோம். ஆனால் அதைப் போட்டு என்ன தெரிந்துகொண்டோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தள்ளுபடிக் காரணி அட்டவணையைப் பார்த்தோம், பெருக்கினோம், கூட்டினோம், விடை பாசிட்டிவ், 'திட்டத்தை ஏற்கலாம்' என்று எழுதிவிட்டு வந்தோம். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கேட் எதிரே டீக்கடை போட்டிருக்கிற அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் இரண்டாவதாக ஒரு வண்டி போடலாம் என்று யோசிக்கிறாராம். "மூணு வருசத்துல போட்ட காசு வந்துரும் பாப்பா, அதுக்கு மேல முப்பதாயிரம் நிக்கும்" என்றார். நானும் கிளப்பிலிருந்து இன்னும் இரண்டு பேரும் அவரோடு உட்கார்ந்து கணக்கை எழுதினோம். இன்றைக்குப் பேசப்போவது அந்தக் கணக்கைத்தான்.

முதலில் செலவு. மதுரையில் ஒரு பட்டறையில் எஸ்.எஸ். வண்டிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். அட்வான்ஸ் 5,000 போக, வண்டிக்கு இன்னும் கட்ட வேண்டியது 90,000. பாய்லர் 20,000. அடுப்பும் கமர்ஷியல் சிலிண்டர் டெபாசிட்டும் 20,000. கிளாஸ், பாத்திரம், பெஞ்ச், விளக்கு எல்லாம் சேர்த்து 20,000. ஆக 1,50,000 ரூபாய்.

இனி வரவு. ஒரு நாளைக்கு 200 டீ ஓடும் என்பது அவர் கணிப்பு. டீ 12 ரூபாய், ஆக 2,400. அதில் 12 லிட்டர் பால் 660, டீத்தூள் 260, சர்க்கரை 90, கேஸ் 290, இஞ்சி ஏலக்காய் தண்ணீர் கேன் எல்லாம் 100. இதுவரை 1,400. அதாவது ஒரு டீக்கு 7 ரூபாய் செலவு, 5 ரூபாய் மிச்சம். அந்த 5 ரூபாயை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. அதற்கு மேல் டீ மாஸ்டருக்குச் சம்பளம் 800. ஆக 2,200 போக, நாளுக்கு 200 ரூபாய் கையில் நிற்கும். லீவு நாள், மழை நாள் போக வருசத்துக்கு 300 நாள் வியாபாரம் என்று வைத்தால் 60,000.

மூன்று வருசத்துக்கு 1,80,000. போட்டது 1,50,000. அண்ணன் சொன்ன முப்பதாயிரம் இதுதான். கூட்டலில் தப்பே இல்லை.

ஆனால் கூட்டியது எதையெல்லாம் என்று பாருங்கள். இன்றைக்குப் பையிலிருந்து போகிற ரூபாயையும், மூன்று வருசம் கழித்து வரப்போகிற ரூபாயையும் ஒரே ரூபாயாக நினைத்துக் கூட்டியிருக்கிறோம். இது சரியில்லை என்று எனக்குப் புரிய வைத்தது பாடப் புத்தகம் இல்லை, எங்கம்மா போடுகிற ஏலச்சீட்டு.

உங்கள் வீட்டிலும் யாராவது போட்டிருப்பார்கள். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, இருபது பேர், மாதம் 5,000, இருபது மாதம். பணம் முன்னாலேயே வேண்டும் என்கிறவர் என்ன செய்வார்? தள்ளு கேட்பார். "எனக்கு இருபத்தஞ்சு தள்ளு" என்று ஏலம் எடுத்து, ஒரு லட்சத்துக்குப் பதிலாக 75,000 வாங்கிக்கொண்டு போவார். மாதம் போகப் போகத் தள்ளு குறையும். கடைசி மாதம் எடுப்பவருக்குத் தள்ளே இல்லை, முழுசாக வரும். எங்கள் வீட்டில் அந்த ஏலம் நடக்கும்போது நான் பல தடவை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பையனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய அத்தை ஒருத்தர் விறுவிறுவென்று தள்ளை ஏற்றுவார். அவசரம் இல்லாதவர் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார். அந்த அறையில் இருந்த எல்லாருக்குமே தெரியும்: பின்னால் வரும் லட்சத்துக்கு இன்றைக்கு விலை போட்டால் அது லட்சத்துக்குக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது அவரவர் தேவையைப் பொறுத்தது. நாம் டிஸ்கவுண்டிங் என்று படித்தது இந்தத் தள்ளைத்தான்.

இப்போது அண்ணனின் தள்ளு எவ்வளவு? அவர் அக்கா நகையை வங்கியில் வைத்துப் பணம் எடுக்கப்போகிறார். எல்லாம் சேர்த்து நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டோம், அதாவது வருசத்துக்கு 12%. இன்றைய 100 ரூபாய் அடுத்த வருசம் 112. அதையே திருப்பிப் போட்டால், அடுத்த வருசம் வரும் 112க்கு இன்றைய மதிப்பு 100. அவ்வளவுதான் சூத்திரம். 1.12 ஆல் வகுக்க வேண்டும். இரண்டு வருசம் தள்ளி வருகிற பணம் என்றால் இரண்டு தடவை, மூன்று வருசம் என்றால் மூன்று தடவை.

முதல் வருச 60,000 இன்றைக்கு 53,571. இரண்டாம் வருசத்தது 47,832. மூன்றாம் வருசத்தது 42,707. கூட்டினால் 1,44,110. போடுகிற காசு 1,50,000. என்.பி.வி. மைனஸ் 5,890.

இதை எழுதிவிட்டு நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. முப்பதாயிரம் லாபம் என்று நம்பிய மனிதரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கித்தான் சொன்னோம். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "மூணு வருசம் கழிச்சு வண்டிய என்ன பண்றதா எழுதியிருக்கீங்க?" நாங்கள் ஒன்றுமே எழுதவில்லை. பழைய வண்டியும் பாய்லரும் எப்படியும் 20,000க்குப் போகும் என்றார். அதையும் மூன்று தடவை வகுத்தால் 14,236. என்.பி.வி. இப்போது பிளஸ் 8,345. ஸ்கிராப் மதிப்பைக் கேள்வித்தாளின் கடைசி வரியில் பார்த்துவிட்டு அலட்சியமாகச் சேர்ப்போமே, இங்கே முடிவையே மாற்றியது அதுதான்.

நடுவில் சில சந்தேகங்கள். தேய்மானத்தைக் கழிக்க வேண்டாமா என்று கிளப்பில் ஒருத்தர் கேட்டார். வேண்டாம். 1,50,000ஐ ஏற்கனவே முதல் நாளே முழுசாகக் கழித்துவிட்டோம். கடன் வட்டியையும் வருச வரவிலிருந்து கழிக்கக் கூடாது, அது அந்த 12%க்குள்ளேயே இருக்கிறது. கழித்தால் ஒரே வட்டியை இரண்டு முறை கட்டின மாதிரி. அட்வான்ஸ் கொடுத்த 5,000? பட்டறைக்காரர் திருப்பித் தர மாட்டார். வண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது போனதுதான், அதனால் கணக்கில் இல்லை. இந்த ஒன்றை மட்டும் அண்ணனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வியர்வை சிந்திய காசு, எனக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. இன்னொன்று, பணம் தினமும் வருகிறது, நாம் வருசக் கடைசியில் வருவதாகப் போட்டிருக்கிறோம். அதனால் உண்மையான மதிப்பு சற்றுக் கூடத்தான் இருக்கும்.

எக்செல்லில் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. B1இல் -150000, B2, B3இல் 60000, B4இல் 80000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
=NPV(12%, B2:B4) + B1
```

முதலீட்டை வெளியே வைத்துக் கூட்ட வேண்டும். B1:B4 என்று மொத்தமாக உள்ளே கொடுத்தால், எக்செல் இன்றைய முதலீட்டையும் ஒரு வருசம் தள்ளிப்போட்டுவிடும். விடை 8,345க்குப் பதில் 7,451 வரும். நானே முதலில் இப்படித்தான் போட்டேன். பேப்பரில் போட்ட விடையோடு ஒத்துவராமல் ஒரு மணி நேரம் போனது.

இனிதான் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். நகைக்கடன் கிடைக்காமல், அண்ணன் வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்கினால்? நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருசத்துக்கு 24%. அதே வண்டி, அதே 200 டீ, அதே மாஸ்டர். என்.பி.வி. மைனஸ் 20,632. வண்டியில் எந்தக் குறையும் இல்லை, பணம் வந்த இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. எங்கள் மாமா ஒருத்தர் ஜூஸ் கடை போட்டார். கடையில் கூட்டம் நன்றாகவே இருந்தது, ஆனால் வாங்கியது மூணு வட்டி. இரண்டே வருசத்தில் மூடினார். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவருக்கு வியாபாரம் பண்ணத் தெரியவில்லை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்குத்தான் அது எவ்வளவு அநியாயமான பேச்சு என்று தெரிந்தது. மூணு வட்டி என்றால் 36%. அந்தக் கடை எவ்வளவு நன்றாக ஓடியிருந்தாலும் அதைத் தாண்டுவது கஷ்டம். தெருவோர வியாபாரிகளுக்கென்று 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். ஸ்வநிதியில் முதல் கடன் முன்பு 10,000 ரூபாய்தான், 2025இல் அதை 15,000 வரை உயர்த்தினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்த தடவை கூடுதலாகக் கிடைக்கும். அண்ணனின் முழுத் தேவைக்கு அது பத்தாது, ஆனால் ரெண்டு வட்டிப் பணத்தில் ஒரு பகுதியையாவது குறைக்கும். அந்த விண்ணப்பத்தை நிரப்ப நாங்கள் உதவுவதாகச் சொல்லியிருக்கிறோம்.

சரி, 12%க்கே கிடைத்துவிட்டது என்று வைப்போம். பிளஸ் 8,345 என்பது எவ்வளவு தெம்பான எண்? 200 டீக்குப் பதில் 197 டீ ஓடினால் என்று போட்டுப் பார்த்தோம். மூன்று டீ, தலா 5 ரூபாய், 300 நாள், வருசத்துக்கு 4,500 குறையும். மூன்று வருசத்தையும் இன்றைக்குக் கொண்டுவந்தால் 10,808. என்.பி.வி. மைனஸ் ஆகிவிட்டது. மூன்றே மூன்று டீயில்!

அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. பஸ் நிறுத்தம் கேட்டிலிருந்து முந்நூறு அடிகூட இல்லை. அங்கே டீ குடிக்கப்போகிறவர்களில் எத்தனை பேர் ஏற்கனவே இந்தக் கடையில் குடிப்பவர்கள்? பத்துப் பேர் இடம் மாறினால் புது வண்டிக்குப் பத்து டீ கூடியதாகத் தெரியும், பழைய கடைக்குப் பத்து டீ போயிருக்கும். அண்ணன் கைக்கு வருசத்துக்கு 15,000 குறைவு, இன்றைய மதிப்பில் 36,027. அதைக் கழித்தால் மைனஸ் 27,682. புது வண்டியின் கணக்கை மட்டும் தனியாகப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. இரண்டு கடையையும் சேர்த்து, வண்டி போட்டால் மொத்தம் எவ்வளவு, போடாவிட்டால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், பாலை ஒரு ஆற்று ஆற்றிவிட்டு, "அப்ப வண்டி இருக்கட்டும். மொதல்ல கேன்ல ஊத்தி ஒரு மாசம் விப்போம்" என்றார். பழைய பத்து லிட்டர் டீ கேன் ஒன்று அவரிடம் சும்மா கிடக்கிறது. செலவு பேப்பர் கப் மட்டும். பட்டறையில் ஒரு மாதம் டைம் கேட்டிருக்கிறார்.

அதனால் உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து காலை எட்டு மணி முதல் ஒன்பது வரை பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் நிற்க வேண்டும், கேட் கடையில் இரண்டு பேர். எத்தனை டீ போகிறது என்று எண்ண வேண்டும். பஸ் நிறுத்தத்தில் குடிப்பவரிடம் "முன்னாடி எங்க குடிப்பீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுக் குறிக்க வேண்டும். நோட்டு இங்கே முன் பெஞ்சில் இருக்கிறது. முடிந்தவர்கள் பெயரும் எந்தக் கிழமை என்பதும் எழுதிவிட்டுப் போங்கள்.