எதிர்மறை இறையியல்: அறியாமையா, பேச்சின் ஒழுங்கா?

கடவுளைப் பற்றி எதையும் சொல்ல இயலாது என்று கைவிரிப்பதே எதிர்மறை இறையியல் எனச் சிலர் கருதுகின்றனர். அக்கருத்து தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். படைக்கப்பட்ட பொருள்களிடமிருந்து கற்ற சொற்களைக் கொண்டே படைத்தவரைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதால், அச்சொற்களின் எல்லையைப் பேசும்போதே உணர்த்தும் ஒழுங்காக இந்நெறி வளர்ந்தது.

நான்காம் நூற்றாண்டில் யூனோமியு என்பவர், 'பிறப்பிக்கப்படாதவர்' என்ற சொல் கடவுளின் சாரத்தையே வெளிப்படுத்துகிறது என்று வாதிட்டார். நீசா நகர் கிரகோரியார் இதை மறுத்தார், சீனாய் மலையில் மோசே கார்மேகத்துக்குள் சென்றதை (யாத். 20:21), கடவுளை நெருங்க நெருங்க அவர் அறிவுக்கு அப்பாற்பட்டவர் என்பதே தெளிவாகிறது என்று அவர் விளக்கினார். யூனோமியு பற்றிக்கொண்ட சொல்லும் எதிர்மறைச் சொல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இலக்கணத்தில் எதிர்மறையாக இருப்பதனால் மட்டும் ஒரு கூற்று பணிவுடையதாகிவிடாது.

இதை முழுமையாக உணர்ந்தவர், அப்போஸ்தலர் பணி 17:34-இல் வரும் தியோனீசியுவின் பெயரில் சுமார் 500-ஆம் ஆண்டில் எழுதிய, பெயர் அறியப்படாத ஆசிரியர். 'மறைபொருள் இறையியல்' என்ற அவருடைய சிறு நூல், கடவுள் உடல் அல்ல, உருவம் அல்ல என்று புலன்சார்ந்தவற்றில் தொடங்கி, ஆன்மாவும் அல்ல, மனமும் அல்ல என்று மேலேறி, நாம் அறிந்த பொருளிலான தந்தைமையையும் மகன்மையையும்கூட மறுக்கிறது. மறுப்பு அங்கேயும் நிற்பதில்லை. கடவுள் எல்லா உடன்பாட்டையும் எல்லா மறுப்பையும் கடந்தவர் என்று கூறி நூல் முடிகிறது. ஆயினும் அதே நூல் மூவொரு கடவுளை அழைக்கும் மன்றாட்டோடுதான் தொடங்குகிறது. அழைப்பதை அது கைவிடச் சொல்லவில்லை. அழைக்கும் சொல்லுக்குள் அவரை அடைக்க முடியாது என்றே சொல்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இந்நெறிக்கு ஒரு வரம்பு கட்டினார். 'கடவுள் நல்லவர்' போன்ற கூற்றுகளுக்கு யூத மெய்யியலாளர் மைமோனிடீஸ் எதிர்மறைப் பொருளே கொண்டார். கடவுள் உயிருள்ளவர் என்று சொல்பவர், அவர் உயிரற்ற பொருள்களிலிருந்து வேறானவர் என்பதற்கு மேலாக எதையோ சொல்ல விழைகிறார் என்பது அக்குவினாஸின் மறுமொழி. இது வலுவான மறுமொழி என்றே எனக்குத் தோன்றுகிறது. மறுப்பு மட்டுமே எஞ்சினால் துதிப்பதற்கு எதுவும் இராது.

சாந்தோம் பேராலயமும் கபாலீசுவரர் கோயிலும் அருகருகே நிற்கும் சென்னையில் இதைப் படிக்கும் மாணவருக்கு, நம்மாழ்வாரின் "உளனல்லன் இல்லையல்லன்" என்ற அடி நினைவுக்கு வராமல் போகாது. ஒற்றுமை வியப்பளிக்கிறது. எனினும் இரண்டும் ஒன்றே என்று விரைந்து முடிவுகட்டுவது இரண்டுக்கும் நீதி செய்யாது. ஆழ்வாரின் பாசுரம், பேணுவார் பேணும் உருவை ஏற்றுவரும் திருமாலைப் பாடுகிறது. தியோனீசியுவின் மறுப்போ திருச்சபையின் மூவொரு கடவுள் வழிபாட்டுக்குள்ளிருந்து எழுகிறது. எதை உடன்பாடாகச் சொன்ன பிறகு மறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு மறுப்பின் பொருளும் அமைகிறது.