ஒரு முழம்

அழகர்கோவில் பதினெட்டாம்படி கருப்பனுக்குச் சிலை கிடையாது. சந்தனம் அப்பிய கதவுதான் சாமி. அந்தக் கதவைப் பார்த்தபடிதான் முத்து கூடையோடு உட்காருவான். வயது 12. அம்மாவுக்குக் காய்ச்சல் விடாததால் ஒரு மாதமாக அவன் வியாபாரம்.

மாட்டுத்தாவணியில் விடியுமுன் வாங்கிய மல்லிகை மொட்டை, நனைத்த வாழைநாரில் அம்மா படுத்தபடியே கட்டித் தருவாள். சரியாக 20 முழம். முத்து அளந்தால் 24 வரும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரைதானே முழம், அவன் கை சின்னது. கூடுதலாக வந்த நாலில் மூன்றை விற்று அம்மாவுக்கு மாத்திரை வாங்குவான். கடைசி ஒன்றை, நல்ல மொட்டாகப் பார்த்து, பூசாரியிடம் கொடுப்பான். கைக்காசு போகாமல் சாமிக்குத் தினமும் பூ! அதில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

வெள்ளிக்கிழமை அந்த அப்பத்தா வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையாக எண்ணி வைத்தார். முத்து அளந்து கொடுத்ததை வாங்கித் தன் கையில் வைத்துப் பார்த்தார். விரல் நுனிக்கு எட்டவில்லை.

"ஏன்யா, உன் முழம் இம்புட்டுத்தானா?"

முத்து கூடைக்குள் பார்த்தான்.

"மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகணும்னு வாரம் ஒரு முழம் நேர்ந்திருக்கேன் சாமி. நேர்ந்தது குறையக் கூடாதுல்ல. இன்னொண்ணு கொடு."

முடிச்சில் மிச்சமிருந்ததும் வந்துவிட்டது. கும்பிட்டு முடித்தவர் பேருந்துக்கு நிற்கவில்லை. அப்பன்திருப்பதி ரோட்டில் வெயிலில் நடக்க ஆரம்பித்தார். மரங்கள் மறைக்கும்வரை முத்து பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் கடைசி முழத்தை எடுத்துக்கொண்டு படியருகே போனவன் அப்படியே நின்றான். ஆளுக்கு நாலு விரல். இதில் அப்பத்தாவுடையது எந்த மொட்டு?

திரும்பி வந்துவிட்டான்.

ராத்திரி அம்மா அசந்து தூங்கும்போது, பாயில் நீண்டு கிடந்த அவள் கையோடு ஒரு வாழைநாரை வைத்து, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து நறுக்கினான்.

அடுத்த வெள்ளி அந்த நாரை வைத்தே அளந்தான். அப்பத்தா வந்ததும் இரண்டு முழமாக நீட்டினான்.

"ஒண்ணு போதும்யா."

"ஒண்ணுக்குக் காசு வேணாம் அப்பத்தா. போன வாரத்துது."

அவர் அவன் முகத்தையே பார்த்தார். அப்புறம் இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

பொழுது சாயக் கூடை காலி. மாத்திரைக்கு எண்ணிப் பார்த்தான், இரண்டு நாளைக்கு வரும். கருப்பனுக்கு ஒரு மொட்டு மிச்சமில்லை. ஈரச் சாக்கை உதறி மடித்துவிட்டு, முத்து வெறுங்கையோடு கதவு முன்னால் போய் நின்றான்.