சோதனை, ஆய்வுத் திட்டம்: பி பிளாக் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் வேலை (சைட் சூப்பர்வைசர்களுக்கு)

ஹோல்ட் பாயிண்ட் என்றால் கன்சல்டன்ட் இன்ஜினியர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை அடுத்த வேலையில் கை வைக்கக் கூடாது. ஃபால்ஸ் சீலிங்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்பது காரணமே ஆகாது. அழைப்புப் படிவம் 24 மணி நேரத்துக்கு முன்பே போய்விட வேண்டும். விட்னஸ் பாயிண்டில் மட்டும், சொன்ன நேரத்துக்கு அவர் வராவிட்டால் சோதனையை நடத்திப் பதிவு செய்துவிட்டு மேலே போகலாம்.

ஹோல்ட் 1: சில்டு வாட்டர் பைப். இன்சுலேஷன் சுற்றுவதற்கு முன் பிரஷர் டெஸ்ட். வேலை அழுத்தம் 6 பார், சோதனை 9 பார், 2 மணி நேரம் இறங்காமல் நிற்க வேண்டும். தண்ணீர் ஏற்றும்போது மேல்மட்ட ஏர் வென்ட்டைத் திறந்தே வையுங்கள், உள்ளே காற்று சிக்கினால் கேஜ் முள்ளை நம்ப முடியாது. கேஜ் இரண்டு, காலிப்ரேஷன் சான்றிதழோடு. ஒவ்வொரு வெல்டையும் கையால் தடவிப் பாருங்கள், கேஜ் காட்டாத கசிவு விரலில் ஈரமாகத் தெரியும்.

ஹோல்ட் 2: ஸ்லாப் கான்கிரீட்டுக்கு முன் கான்டியூட், எர்த் ஸ்ட்ரிப். மூடிவிட்டால் உடைப்பதைத் தவிர வழியில்லை. படம் எடுத்து வையுங்கள்.

டக்ட் கசிவுச் சோதனை விட்னஸ் பாயிண்ட்தான்.

ஹோல்ட் 3: மெயின் பேனலுக்குக் கரண்ட் கொடுப்பதற்கு முன். கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி 1000 வோல்ட் மெகர், பேஸ்களுக்கு இடையிலும் எர்த்துக்கும். பேனலை மெகர் செய்யும்போது சர்ஜ் அரெஸ்டரையும் மீட்டரையும் துண்டித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவை போய்விடும். பஸ்பார் போல்ட்டில் டார்க் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் லாக் போட்டு, சாவியை நீங்களே வைத்திருங்கள்.