நிர்வாகச் சட்டம்: நீதிப்புனராய்வுக் காரணங்கள், கடைசி நேரத் திருப்புதல் சார்ட்

மூலம்: ஜி.சி.எச்.க்யூ வழக்கு, இங்கிலாந்து, 1984. டிப்ளாக் பிரபு மூன்று தலைப்பாகப் பிரித்தார். விகிதாச்சாரம் பின்னாளில் நான்காவதாகச் சேரலாம் என்றும் சொல்லி வைத்தார். (உளவு மையமான ஜி.சி.எச்.க்யூ ஊழியர்கள் தொழிற்சங்கத்தில் சேர அரசு தடை போட்டது. வழக்குப் போட்ட தொழிற்சங்கம் தோற்றது. கலந்தாலோசிக்காதது தவறுதான், ஆனால் தேசப் பாதுகாப்பு முந்திக்கொண்டது.)
இந்தியாவில்: டாடா செல்லுலார், 1994. மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டது. நீதிமன்றம் மேல்முறையீடு கேட்கவில்லை. முடிவு எடுத்த விதத்தைத்தான் பார்க்கிறது. விடையின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்.
வழி: உறுப்பு 226, உறுப்பு 32.

## 1. சட்டமீறல்: "அதிகாரம் இருந்ததா? சரியாகப் புரிந்து பயன்படுத்தினாரா?"

| எதைத் தேட வேண்டும் | வழக்கு | நினைவில் வைக்க |
|---|---|---|
| அதிகார எல்லை தாண்டல் | ஃபுல்ஹாம் மாநகராட்சி, 1921 | மக்கள் தாங்களே துணி துவைக்க இடம் அமைக்கலாம் என்றது சட்டம். மாநகராட்சி லாண்டரியே நடத்தியது. செல்லாது. |
| தவறான நோக்கம் | பேட்ஃபீல்ட், 1968 | பால் விலைப் புகாரை விசாரணைக்கு அனுப்ப அமைச்சர் மறுத்தார். விருப்புரிமையும் சட்டத்தின் நோக்கத்துக்குக் கட்டுப்பட்டதே. |
| சட்டப் பிழை | அனிஸ்மினிக், 1968 | 'தீர்ப்பாய முடிவைக் கேள்வி கேட்கக் கூடாது' என்ற விதியும் காப்பாற்றவில்லை. |
| பிறர் சொல்லிச் செய்தல் | கோர்தன்தாஸ் பான்ஜி, 1951 | கீழே பார்க்கவும். |

கோர்தன்தாஸைக் கட்டாயம் எழுதுங்கள். பம்பாயில் சினிமா கொட்டகை கட்ட போலீஸ் கமிஷனர் அனுமதி கொடுத்தார். அப்புறம் "அரசு பணித்தபடி" அனுமதி ரத்து என்று அவரே கடிதம் அனுப்பினார். ரத்து செய்யும் அதிகாரம் கமிஷனருடையது, மூளை அரசுடையது. பிறகு 'நானாகத்தான் முடிவெடுத்தேன்' என்றபோது உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை: உத்தரவில் இருப்பதுதான் உத்தரவு.

## 2. பகுத்தறிவுக்கு முரண்: "புத்தியுள்ள எந்த அதிகாரியாவது இப்படி முடிவெடுப்பாரா?"

வெட்னஸ்பரி, 1947. ஞாயிற்றுக்கிழமை படம் ஓட்டலாம், ஆனால் 15 வயதுக்குட்பட்டவர்களை விடக் கூடாது என்று நகராட்சி நிபந்தனை போட்டது. பெயர் பெற்ற வழக்கு, ஆனால் *தியேட்டர்காரர் தோற்றார்.* எங்கள் செட்டில் பாதிப் பேர் மாடல் தேர்வில் அவர் ஜெயித்ததாக எழுதி வைத்தோம், நானும்தான்.

ரஞ்சித் தாக்கூர், 1987. ஏற்கெனவே தண்டனையில் இருந்த ராணுவ வீரர் சாப்பிட மறுத்தார். அதற்கு ஒரு வருடச் சிறை, வேலையும் போனது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமே இல்லை என்று ரத்தானது. யார்மீது புகார் சொன்னாரோ அந்த அதிகாரியே ராணுவ நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். ஆகவே பகுதி 3-க்கும் இதையே எழுதலாம்.

ராயப்பா, 1974. நம் மாநிலத் தலைமைச் செயலர் மாற்றப்பட்ட வழக்கு. தன்னிச்சை இருந்தால் உறுப்பு 14 மீறல் என்ற வாதம் இங்கேதான் பிறந்தது. கெட்ட எண்ணத்தை நிரூபிக்க முடியாமல் அவர் தோற்றார்.

விகிதாச்சாரத்துக்கு ஓம் குமார், 2000 போதும்.

## 3. நடைமுறைத் தவறு: "முடிவு சரியோ தப்போ, வந்த வழி நேர்மையா?"

(அ) சட்டம் சொன்ன நோட்டீஸ், கால அவகாசம், கலந்தாலோசனை. விட்டுப்போனால் தவறு.

(ஆ) கேட்கப்படும் உரிமை. ரிட்ஜ், 1963: பிரைட்டன் காவல் தலைவரை விசாரிக்காமலே நீக்கினார்கள், செல்லாது. மேனகா காந்தி, 1978: பாஸ்போர்ட்டை முடக்கினார்கள், காரணம் கேட்டால் 'பொதுநலன்' என்றார்கள்.

(இ) ஒருசார்பு. கிரைபாக், 1969: வனத்துறைத் தேர்வுக்குழு உறுப்பினரே வேட்பாளர். தன் பெயர் வந்தபோது எழுந்து போனார், போட்டியாளர்கள் பெயர் வந்தபோது உட்கார்ந்திருந்தார். முழுப் பட்டியலும் ரத்து.

(ஈ) நியாயமான எதிர்பார்ப்பு: நவ்ஜோதி, 1992.

## பயிற்சிக் கேள்வி

*பேருந்து நிலையத்தில் டீக்கடை. சுகாதாரக் குறை இருந்தால், 7 நாள் நோட்டீஸ் கொடுத்து உரிமத்தை ரத்து செய்யலாம் என்று விதி. ஆணையர், உள்ளூர்ப் பிரமுகர் போன் செய்ததும், மறுநாளே 'கூட்ட நெரிசல்' என்று எழுதி ரத்து செய்கிறார்.*

- நெரிசல் விதியில் இல்லாத காரணம்: தலைப்பு 1, பேட்ஃபீல்ட்.
- போனுக்குக் கட்டுப்பட்டது: தலைப்பு 1, கோர்தன்தாஸ்.
- நோட்டீஸும் இல்லை, விளக்கமும் கேட்கவில்லை: தலைப்பு 3, இதுதான் வலுவான வாதம், இதிலிருந்தே தொடங்குங்கள்.
- தலைப்பு 2 இங்கே பலவீனம். ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போங்கள்.
- கேட்க வேண்டியது: உறுப்பு 226-ன் கீழ் செர்ஷியோராரி. ஜெயித்தாலும் உரிமம் நிரந்தரமாகிவிடாது. ஆணையர் நோட்டீஸ் கொடுத்து, சட்டப்படியான காரணம் இருந்தால், மறுபடியும் முடிவெடுக்கலாம். இந்தக் கடைசிப் பாயிண்டுக்குத் தனி மதிப்பெண் உண்டு என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.