மாசம் 4,000: கிரிப்டோ கணக்கு

மாலதி,

நேற்று பேசினதை எழுதியே வைக்கிறேன். 2025 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை இதுதான் கணக்கு.

மாசம் 4,000 ரூபாய். 3,000-க்கு பிட்காயின், 1,000-க்கு ஈதர். வேறு எந்தக் காயினும் கிடையாது. வாடகை 32,000, அபியின் ஸ்கூல் பீஸ், எஸ்ஐபி, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போன பிறகு, 5-ம் தேதி இந்தத் தொகை என் இரண்டாவது பேங்க் அக்கவுன்ட்டுக்குப் போகும். காயினை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சோடு இணைத்திருப்பது அது மட்டும்தான். ஒரு மாசம் வாங்காமல் விட்டால் அடுத்த மாசம் 8,000 ஆகாது. அந்தப் பணம் வீட்டுக்கே திரும்பும்.

வருஷத்துக்கு 48,000. இது மொத்தமும் போனாலும் சரி என்று ஒப்புக்கொண்டுதான் போடுகிறேன். 2021 நவம்பர் உச்சத்திலிருந்து ஒரே வருஷத்தில் பிட்காயின் முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. அதே மாதிரி விழுந்தால் நம் 48,000-ல் சுமார் 11,000 மிஞ்சும். எக்ஸ்சேஞ்சே முடங்கினால் அதுவும் இல்லை. எமர்ஜென்சிக்கு வைத்திருக்கும் எஃப்டியையும் உன் நகையையும் இதற்காகத் தொடமாட்டேன். கடனும் வாங்கமாட்டேன், கிரெடிட் கார்டும் தேய்க்கமாட்டேன்.

போட்டதில் பாதிக்குக் கீழே மதிப்பு இறங்கினால் அந்த மாசத்தோடு வாங்குவதை நிறுத்திவிடுவேன். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 24,000 போட்டது 11,000 ஆகி நிற்கும்போது, “இன்னும் 20,000 போட்டா ஆவரேஜ் இறங்கிடும்” என்று தோன்றும். நான் அப்படிப் பேச ஆரம்பித்தால் இந்தத் தாளைக் காட்டு. கையிலிருக்கும் பணத்தைவிடப் பல மடங்குக்கு விலை மேல் பந்தயம் கட்டுகிற ஃப்யூச்சர்ஸ், லெவரேஜ் பக்கமே போகமாட்டேன். அதில் விலை கொஞ்சம் எதிர்ப்பக்கம் நகர்ந்தாலே போட்டது மொத்தமும் காலி. பி2பி-யில், அதாவது முன்பின் தெரியாத ஆளிடம் நேரடியாகப் பணம் வாங்கி, விற்கவும் மாட்டேன். வாங்குகிறவன் அனுப்புவது மோசடிப் பணமாக இருந்தால் சைபர் கிரைம் புகாரில் நம் அக்கவுன்ட்டை முடக்கிவிடுவார்கள்.

டாக்ஸில் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். லாபத்துக்கு 30%, செஸ் சேர்த்து 31.2%. பிட்காயினை விற்று 10,000 லாபம், ஈதரை விற்று 10,000 நஷ்டம் என்றால் நமக்கு மிச்சம் பூஜ்யம். ஆனாலும் 3,120 கட்டியாக வேண்டும், ஏனென்றால் ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. அதனால் எதையாவது லாபத்தில் விற்றால் அதில் 31.2%-ஐ அன்றைக்கே தனியாக எடுத்து வைப்பேன். விற்கும்போது பிடிக்கிற 1% டிடிஎஸ், என் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

எக்ஸ்சேஞ்சின் லாகின் ஈமெயிலும் ஆத்தென்டிகேட்டரின் பேக்கப் கோடும் பீரோவில் எல்ஐசி பாலிசி இருக்கும் நீல ஃபைலில் கவர் போட்டு இருக்கிறது. அதை போட்டோ எடுக்காதே, வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பக்கூட வேண்டாம்.

மாசத்தின் முதல் ஞாயிறு, காபி குடிக்கும்போது போட்டது எவ்வளவு, இன்றைய மதிப்பு எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் ஸ்கிரீனிலேயே காட்டுகிறேன். உனக்குச் சரிப்படவில்லை என்றால் எந்த மாசமும் நிறுத்தச் சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சுரேஷ்