இந்த வார போன் கணக்கு, ஞாயித்துக்கிழமை நைட்டு

அக்கா, சாப்ட்டியா? சொன்ன மாதிரி இந்த வார கணக்க அனுப்பறேன், டிஜிட்டல் வெல்பீயிங்ல இப்பதான் உக்காந்து ஒவ்வொரு நாளா பாத்து பேப்பர்ல எழுதி கூட்டினேன்.

நான் வச்ச லிமிட் ஒரு நாளைக்கு 2.30 மணி நேரம், வாரத்துக்கு 17.30. ஆனது 20 மணி 15 நிமிஷம். 2.45 கூட போயிடுச்சி. போன வாரம் 23.40 இருந்துச்சி, அதுக்கு இது 3.25 கம்மி, அது வரைக்கும் மனசுக்கு சந்தோஷம்தான், ஆனா லிமிட்டுக்குள்ள வரல.

திங்கள் 2.20
செவ்வாய் 2.35
புதன் 3.50
வியாழன் 2.15
வெள்ளி 2.40
சனி 4.25
ஞாயிறு 2.10

மூணு நாள் உள்ள, நாலு நாள் வெளிய. செவ்வாயும் வெள்ளியும் அஞ்சு பத்து நிமிஷம்தான், அத வுடு. புதனும் சனியும்தான் மொத்த கணக்கையும் இழுத்துடுச்சி.

புதன் கிழமை நைட்டு சத்துவாச்சாரில கரண்ட் போச்சி, நம்ம ஊரு வெக்கை உனக்கு தெரியாததா, மாடில பாய் போட்டு படுத்தேன். இன்ஸ்டாவுக்கு 45 நிமிஷம் டைமர் வச்சிருந்தேன்ல, அது ஒம்பது மணிக்கே முடிஞ்சி ஐகான் சாம்பல் கலர் ஆயிடுச்சி, சரின்னு கைய எடுத்துட்டேன்னு நெனச்சேன், ஆனா அடுத்த நிமிஷமே விரல் யூட்யூபுக்கு போயிடுச்சிக்கா, ஷார்ட்ஸ் ஷார்ட்ஸா தள்ளிகினே இருந்தேன், கரண்ட் வந்தது கூட தெரியல, அம்மா கீழ இருந்து "ஃபேன் ஓடுது, வந்து படுடி"ன்னு கூப்ட்டப்பதான் எழுந்தேன். அதோட நிக்கல, 12 மணி தாண்டினதும் டைமர் புதுசா ஆரம்பிச்சிடுதுல்ல, இன்ஸ்டா திரும்ப தொறந்துச்சி, கட்டில்ல படுத்துகினு இன்னொரு 20 நிமிஷம். அந்த 20 வியாழக்கிழமை கணக்குல ஏறிடுச்சி, வியாழன் பாக்க நல்லா இருக்குறதால இத உங்கிட்ட சொல்லாம வுடக்கூடாதுன்னு தோணுச்சி. புதன் மட்டும் 94 வாட்டி லாக் தொறந்திருக்கேன், திங்கள் 52தான்.

ஆப் வாரியா பாத்தா விஷயம் இன்னும் தெளிவா தெரியுது. இன்ஸ்டா போன வாரம் 9.30, இப்ப 5.10. டைமர் வேல செஞ்சிருக்கு. யூட்யூப் 5.40ல இருந்து 6.50 ஆயிருக்கு. வாட்ஸ்அப் 4.05, அதுல பாதிக்கு மேல ராணிப்பேட்டை ஆபீஸ் க்ரூப்புதான், அதுல நான் கைவைக்க முடியாது. மீதி எல்லாம் சேந்து 4.10. ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் வழியுது, இதான் இந்த வாரம் நான் கண்டுகினது.

சனிக்கிழமை போளூர் தாண்டி சித்தி பொண்ணு வளைகாப்புக்கு போனோம், நீதான் வர முடியல. தம்பி வண்டி ஓட்ட நான் பக்கத்துல மேப்ப தொறந்து புடிச்சிகினு வந்தேன், அதுக்கே 1.10 போயிடுச்சி. அத கழிச்சிடலாமான்னு யோசிச்சேன், கழிச்சாலும் 3.15 வருது, அப்பவும் கூடத்தான். அதுவும் இல்லாம, லிமிட் வைக்கும்போது மொத்த போனுக்கும்னு சொல்லிதான் வச்சோம், வாரம் முடிஞ்சப்புறம் ரூல மாத்தினா இந்த கணக்குக்கு அர்த்தமே இல்ல. அதனால கழிக்கல.

இன்னிக்கு 2.10தான் ஏன் தெரியுமா, காலைல இருந்து மதியம் வரைக்கும் போன ஃப்ரிட்ஜ் மேல வச்சிட்டேன். அம்மா இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா வாங்கியாந்திருந்தாங்க, ரெண்டு பேரும் உக்காந்து காம்புல இருக்குற முள்ள கிள்ளி கிள்ளி அரிஞ்சோம். தாத்தா பாலாத்துல ஊத்து தோண்டி தண்ணி எடுத்துகினு வந்த கதைய சொன்னாங்க, மணல கையால தோண்டி, தண்ணி தெளியற வரைக்கும் குந்தினு இருப்பாராம். இத்தினி வருஷத்துல இத நான் கேட்டதே இல்லக்கா. முன்னாடியே சொல்லியிருப்பாங்க, நான் போன பாத்துகினு உம் கொட்டியிருப்பேன், அத நெனச்சா நெஞ்ச அடைக்குது.

அடுத்த வாரத்துக்கு லிமிட்ட ஏத்தல, அதே 2.30. யூட்யூபுக்கும் 40 நிமிஷம் டைமர் இப்பவே போட்டுட்டேன். பத்தரைக்கு மேல போன ஹால்ல டிவி பக்கத்துல சார்ஜ்ல போட்டுட்டு வந்துடுவேன், எழுப்பறதுக்கு அம்மாவோட பழைய அலாரம் கடிகாரத்துக்கு புது பேட்டரி போட்டாச்சி. பஸ்ல போற நேரத்துக்கு இன்னா பண்றதுன்னு மட்டும் இன்னும் புரியல, நீ ஆரணில இருந்து வேலைக்கு போகசொல்ல இன்னா பண்றேன்னு சொல்லு.

உன் லிமிட் 2 மணி நேரம்தான? தூங்கறதுக்குள்ள உன் ஏழு நாள் கணக்கையும் அனுப்பு, கூட போயிருந்தாலும் அப்படியே போடு.